ஏன் 24 நாள் அல்ல, 28 நாள்? செயற்பாட்டு அடிப்படைப் பாதீடு: ஓர் எளிய விளக்கம்

கொழும்பில் தொண்டு நிறுவனங்களோடு வேலை செய்பவர்கள் "அக்டிவிட்டி பேஸ்ட் பட்ஜெட்" என்ற சொல்லை நாளுக்கு நாலு தடவையாவது கேட்பார்கள். தமிழில் செயற்பாட்டு அடிப்படைப் பாதீடு என்கிறோம்: செய்யப்போகும் வேலையிலிருந்து செலவைக் கணக்கிடும் பாதீடு. ஆனால் அந்தப் பெயரில் வரும் தாள்களில் பெரும்பாலானவை பழைய பாதீடுகள்தான். சம்பளம், போக்குவரத்து, காகிதாதிகள் என்று இருந்த பட்டியலை எடுத்து, செயற்பாடு 1, செயற்பாடு 2 என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே 20 வீதம், 30 வீதம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். தலைப்பு மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உதாரணமாக, செயற்றிட்டத்தில் 2,400 பிள்ளைகள் என்று இருக்கும் இடத்தில் 3,000 என்று மாற்றிப் பாருங்கள். மொத்தத் தொகை அசையாமல் இருந்தால், அந்தப் பாதீட்டில் வேலைக்கும் பணத்துக்கும் தொடுப்பே இல்லை. ஒவ்வொரு தொகையும் யாரோ மனதில் தோன்றியபடி எழுதியது.

அந்தத் தொடுப்பை எப்படிப் போடுவது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கல்யாண மண்டபக் கணக்கு

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம் என்று வையுங்கள். 300 பேருக்கு அழைப்பு. சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு. மேசை பத்துப் பேருக்கு ஒன்று, எனவே 30 மேசை, மேசைக்கு இவ்வளவு அலங்காரச் செலவு. மண்டப வாடகை மொத்தமாக ஒன்று.

இப்போது கடைசி நேரத்தில் இன்னும் ஒருவர் வருகிறார். சாப்பாட்டுச் செலவு ஒரு தட்டு கூடும். மேசை ஒன்று முழுதாகக் கூடும், ஏனென்றால் கால் மேசை, அரை மேசை என்று போட முடியாது. மண்டப வாடகை அப்படியே இருக்கும். மொத்தச் செலவை 300 ஆல் வகுத்து "ஆளுக்கு இவ்வளவு" என்று சொன்னால், அந்த ஒருவரால் கூடிய செலவு அந்த எண்ணில் எங்கும் தெரியாது.

எந்தச் செலவு எந்த எண்ணோடு சேர்ந்து கூடுகிறது என்பதைத் தனித்தனியே பிரித்து வைப்பதுதான் விஷயம். கணக்கியலில் இந்த யோசனை 1980களில் ராபின் கூப்பர், ராபர்ட் கப்லான் போன்றோரின் எழுத்துகளால் பரவலானது. அவர்கள் பேசியது பெரும்பாலும் தொழிற்சாலைகளைப் பற்றி. செயற்றிட்டத்துக்கும் அதே தர்க்கம் பொருந்தும்.

நான்கு சொற்கள்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். செயற்றிட்டமும் அதன் தொகைகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கொழும்பில் 12 பாடசாலைகளில் 2,400 மாணவர்களுக்குக் கண்பார்வை பரிசோதித்து, தேவைப்படுவோருக்குக் கண்ணாடி கொடுக்கும் ஆறு மாதத் திட்டம்.

வேலைத் தொகுதி என்பது ஒரே முடிவை நோக்கிச் செய்யப்படும் வேலைகளின் கட்டு. ஒருவர் பொறுப்பேற்று, தொடங்கி, முடித்துக் காட்டக் கூடியது. இந்தத் திட்டத்தில் ஐந்து இருக்கின்றன: ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல், பாடசாலையில் ஆரம்பப் பரிசோதனை, நிபுணரின் விரிவான பரிசோதனை, கண்ணாடி வழங்கல், திட்ட முகாமை.

வெளியீடு என்பது அந்தத் தொகுதி முடியும்போது கையில் எண்ணிக் காட்டக் கூடிய பொருள் அல்லது சேவை. "2,400 பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டனர்" என்பது வெளியீடு. "பிள்ளைகளின் கல்வி மேம்பட்டது" என்பது விளைவு. அதற்கு விலை போட முடியாது, போடவும் கூடாது.

செலவு இயக்கி என்பது ஒரு செலவைக் கூட்டிக் குறைக்கும் எண். மேலே சாப்பாட்டுக்கு ஆட்கள், அலங்காரத்துக்கு மேசைகள்.

அலகுச் செலவு என்பது அந்த இயக்கியின் ஓர் அலகுக்கு ஆகும் தொகை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அலகு என்றதும் பயனாளி என்றே நினைத்துவிடுகிறார்கள். அலகு ஒரு நாளாக இருக்கலாம், ஒரு பாடசாலையாக இருக்கலாம், ஒரு மாதமாகவும் இருக்கலாம்.

இதுவரை பார்த்தது: வேலைத் தொகுதிக்கு ஒரு வெளியீடு, அந்த வெளியீட்டை எட்ட எத்தனை நாள், எத்தனை பொருள் வேண்டும் என்பதை இயக்கி சொல்லும், ஒவ்வோர் அலகுக்கும் ஒரு தொகை.

ஆரம்பப் பரிசோதனை: ஒரு தொகுதியைப் பிரித்துப் பார்த்தல்

இரண்டாம் தொகுதியை எடுப்போம். வெளியீடு 2,400 பிள்ளைகள். பணத்தைப் பற்றி யோசிக்க முன்னர் வேலை எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும்.

பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். காலைக் கூட்டம், மண்டபத்தில் அட்டைகளை மாட்டுவது, இடைவேளை எல்லாம் போக, வேலைக்குக் கிடைப்பது ஐந்து மணித்தியாலம், அதாவது 300 நிமிடம். பார்வை அட்டையைச் சுவரில் மாட்டி, பிள்ளையை 6 மீற்றர் தள்ளி நிறுத்த வேண்டும். வலது கண், இடது கண் தனித்தனியே. எழுத்துக் குழம்பும் சிறியவர்களுக்கு, நான்கு பக்கமும் திரும்பிய ஆங்கில 'E' எழுத்து அட்டை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கையால் காட்டினால் போதும். பெயரும் வகுப்பும் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தால் ஒரு பிள்ளைக்கு 6 நிமிடம். ஒருவர் ஒரு நாளில் 50 பிள்ளைகள். இருவர் கொண்ட ஒரு குழு, இரண்டு அட்டைகளோடு, 100 பிள்ளைகள்.

அப்போ 2,400ஐ 100 ஆல் வகுத்தால் 24 நாள். பெரும்பாலான பாதீடுகள் இங்கே நின்றுவிடும்.

ஆனால் பிள்ளைகள் ஒரே மண்டபத்தில் வரிசையாக நிற்கப்போவதில்லை, 12 பாடசாலைகளில் இருக்கிறார்கள். நான்கு சிறிய பாடசாலைகளில் 120 பேர் வீதம், நான்கு நடுத்தரப் பாடசாலைகளில் 180 பேர் வீதம், நான்கு பெரியவற்றில் 300 பேர் வீதம். கூட்டிப் பாருங்கள், 2,400 தான். 120 பேருள்ள பாடசாலைக்கு 1.2 நாள் என்று போக முடியாது. இரண்டாம் நாள் 20 பேருக்காகவே போக வேண்டும். வேலை பத்து மணிக்கு முடிந்தாலும் வேன் வாடகை வாடகைதான், குழுவின் நாட்கூலி நாட்கூலிதான். கொழும்பு நெரிசலில், எஞ்சிய நேரத்துக்கு அடுத்த பாடசாலைக்கு ஓடிப்போய் அதிபரிடம் நேரம் கேட்டு மண்டபத்தை ஒழுங்குபடுத்துவதும் நடக்கிற காரியமல்ல.

ஆகவே நாட்களைப் பாடசாலை பாடசாலையாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றையும் மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும். எக்செலில் இதற்கு ஒரு வரி போதும். B2இல் பிள்ளைகளின் தொகை, F1இல் ஒரு நாளில் பரிசோதிக்கக் கூடிய எண்ணிக்கை:

```
=ROUNDUP(B2/$F$1,0)
```

சிறிய பாடசாலைக்கு 2 நாள், நடுத்தரத்துக்கு 2, பெரியதற்கு 3. ஒவ்வொன்றிலும் நான்கு என்பதால் 8 + 8 + 12 = 28 நாள். நிதி வழங்குநர் பக்கத்தில் யாராவது "ஏன் 28?" என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கிறது.

இனிப் பணம். இந்தத் தொகுதியில் மூன்று விதமான செலவு இருக்கிறது. நாளோடு கூடுவது: குழுவில் இருவருக்கு 4,000 ரூபா வீதம் 8,000, வேனுக்கு 5,000, இருவரின் உணவுக்கு 2,000, ஆக ஒரு நாளுக்கு 15,000 ரூபா. பிள்ளையோடு கூடுவது: படிவம், 10 ரூபா. எதோடும் கூடாதது: இரண்டு அட்டைத் தொகுதிகள், 20,000 ரூபா.

28 நாளுக்கு 420,000, 2,400 படிவத்துக்கு 24,000, அட்டைகளுக்கு 20,000. தொகுதி 464,000 ரூபா. ஒரு பிள்ளையைப் பரிசோதிக்க ஏறக்குறைய 193 ரூபா.

24 நாள் என்று போட்டிருந்தால் 404,000, பிள்ளைக்கு 168 ரூபா. அந்த 60,000 ரூபா திட்டத்தின் நடுவில் எங்கிருந்தாவது வர வேண்டியிருக்கும். "போக்குவரத்து அதிகமாகிவிட்டது" என்று விளக்கம் எழுதுவார்கள். வேன் வாடகை ஒரு சதம் கூடியிருக்காது.

சுருக்கமாக: 193 என்பது முதலில் எழுதிவிட்டு 2,400 ஆல் பெருக்கிய எண் அல்ல. நிமிடம், நாள், பாடசாலை என்று கீழிருந்து ஏறி வந்து கடைசியில் கிடைத்த எண்.

ஒரு தொகுதியின் வெளியீடு அடுத்த தொகுதியின் தொடக்கம்

மூன்றாம் தொகுதிக்கு யார் வருவார்கள்? ஆரம்பப் பரிசோதனையில் பார்வைக் குறைபாடு இருக்கலாம் என்று பிரிக்கப்பட்டவர்கள். 8 வீதம் என்று எடுகோள் வைத்தால் 2,400இல் 192 பேர். ஒரு கண் பரிசோதகர் ஒரு நாளில் 24 பேரைப் பார்க்கலாம், 8 நாள். அவருக்கு 15,000, கருவி வாடகை 6,000, உதவியாளருக்கு 3,000; நாளுக்கு 24,000 ரூபா. அழைத்துவரும் பெற்றோருக்குப் போக்குவரத்துக்காக 500 ரூபா. 192,000உம் 96,000உம் சேர்ந்து 288,000. பிள்ளைக்கு 1,500 ரூபா.

அந்த 192 பேரில் நால்வரில் மூவருக்குக் கண்ணாடி தேவைப்படும் என்று வைத்தால் 144 கண்ணாடி. ஒன்று 3,500 ரூபா வீதம் 504,000.

கவனிக்க வேண்டியது, 192ஐயும் 144ஐயும் பாதீட்டில் கையால் தட்டச்சிடக் கூடாது. 8 வீதமும் முக்கால் பங்கும் தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். மற்றவை அவற்றிலிருந்து சூத்திரத்தால் வர வேண்டும். ஏனென்றால் முழுப் பாதீட்டிலும் ஆபத்தான எண் அந்த 8தான்.

அது 12 ஆனால் என்னவாகும்? 288 பிள்ளைகள், பரிசோதகருக்கு 12 நாள், மூன்றாம் தொகுதி 432,000. கண்ணாடி 216, நான்காம் தொகுதி 756,000. இரண்டிலும் சேர்த்து 396,000 ரூபா கூடுகிறது. இரண்டாம் தொகுதியின் அத்தனை நாட்களுக்கும் ஆன செலவுக்குக் கிட்டத்தட்ட சமம். பாதீட்டுக் கூட்டங்களில் வேன் வாடகையை 5,000இலிருந்து 4,500 ஆக்க அரைமணி நேரம் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அந்த அரைமணியில் மிச்சமாவது 14,000 ரூபா. எடுகோளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

இந்த ஆபத்தை யார் சுமப்பது என்பது வெளியீட்டை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. "தேவைப்படும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி" என்று எழுதினால், வீதம் கூடும்போது மேலதிகச் செலவு உங்கள் தலையில். "144 கண்ணாடி வரை" என்று எழுதினால் தொகை பத்திரம். ஆனால் 145ஆவது பிள்ளையின் தாயிடம் என்ன சொல்வது என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். நடுவழி ஒன்று உண்டு: முதல் இரண்டு பாடசாலைகள் முடிந்ததும் உண்மையான வீதத்தைப் பார்த்து இந்த இரு தொகுதிகளையும் திருத்தலாம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்வது. அலகுச் செலவு மாறாது, எண்ணிக்கை மட்டும் மாறும் என்பதால் பேச்சுவார்த்தை சுலபம்.

"ஒரு பிள்ளைக்கு எவ்வளவு?"

ஆசிரியர் பயிற்சிக்கு 24 பேர், ஒரு நாள், 83,000 ரூபா. ஆறு மாதத்துக்கு இணைப்பாளரின் சம்பளம் 600,000. ஐந்து தொகுதிகளையும் கூட்டினால் 1,939,000 ரூபா. 2,400 ஆல் வகுத்தால் பிள்ளைக்கு ஏறக்குறைய 808 ரூபா. அறிக்கையின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடப்படுவது இந்த எண்தான்.

ஆனால் 808 ரூபா செலவான பிள்ளை ஒன்றுகூட இந்தத் திட்டத்தில் இல்லை. பயிற்சியையும் முகாமையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 2,208 பிள்ளைகளுக்கு 193 ரூபா வீதம் செலவாகியிருக்கிறது. 48 பேர் பரிசோதகர் வரை போய்க் கண்ணாடி தேவையில்லை என்று திரும்பியவர்கள். அவர்களுக்கு 1,693 வீதம். கண்ணாடி பெற்ற 144 பேருக்கு 5,193 வீதம். பக்கத்து நிறுவனம் 600 ரூபாவில் முடித்ததாம் என்று ஒப்பிடுபவர்கள், அவர்கள் கண்ணாடி கொடுத்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

வேலை நடக்கும்போது

தொடுப்புள்ள பாதீட்டின் உண்மையான பயன் பாதி வழியில்தான் தெரியும். பெரிய பாடசாலைகளில் தொடங்குகிறீர்கள். 14 நாள் முடிந்தது, 28இல் சரிபாதி. நாட்செலவு 210,000, அதுவும் சரிபாதி. பழைய பாணிப் பாதீட்டில் இதைப் பார்க்கும் கணக்காளர் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போடுவார்.

வெளியீட்டை எண்ணினால் கதை வேறு. திட்டப்படி நான்கு பெரிய பாடசாலைகளும் ஒரு நடுத்தரப் பாடசாலையும் முடிந்து 1,380 பிள்ளைகள் ஆகியிருக்க வேண்டும். ஆனது 1,050, அதாவது மூன்றரைப் பெரிய பாடசாலைகள். நாளுக்கு 100 அல்ல, 75 தான் நடந்திருக்கிறது.

இப்போது எங்கே பிழை என்று தேடுவது எளிது. நாளுக்கு 15,000 மாறவில்லை. ஆகவே விலையில் பிரச்சினை இல்லை. ஒரு நாளில் செய்யும் அளவு குறைந்திருக்கிறது. 300 நிமிடத்தில் ஒருவர் 37, 38 பிள்ளைகள் என்றால் ஒரு பிள்ளைக்கு 8 நிமிடம். கூடிய இரண்டு நிமிடம் எங்கே போனது? மண்டபத்தில் போய் நின்று பார்த்தால் தெரியும்: படிவத்தில் பெயரும் வகுப்பும் நிரப்பப்படாமல் வருகின்றன. அட்டை முன் நிற்கும் பிள்ளையிடம் பெயரைக் கேட்டு, சிங்களத்திலா தமிழிலா என்று பார்த்து, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதாவது கோளாறு இரண்டாம் தொகுதியில் வெளிப்பட்டாலும் தொடங்கியது முதலாம் தொகுதியில். பயிற்சிக்கு 24 ஆசிரியர்கள் வந்து போனார்கள், வெளியீடு காகிதத்தில் நிறைவேறியது, ஆனால் படிவம் நிரப்புவது அவர்கள் வேலை என்று யாரும் சொல்லவில்லை.

இப்படியே விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போடலாம். F1இல் 75 என்று மாற்றினால், மீதமுள்ள பாடசாலைகளுக்கு 22 நாள் வேண்டும், மொத்தம் 36. எட்டு நாள் மேலதிகம், 120,000 ரூபா. இன்றே மீதிப் பாடசாலைகளின் ஆசிரியர்களைக் கூப்பிட்டுப் படிவங்களைக் கையில் கொடுத்து 100க்குத் திரும்பினால், மீதி 18 நாளில் முடியும். மேலதிகம் நான்கு நாள், 60,000 ரூபா. சில தொலைபேசி அழைப்புகளின் பெறுமதி அறுபதாயிரம் ரூபா என்று முகாமையாளருக்குக் காட்ட முடிகிறது.

சுருக்கமாக: செலவு பிசகினால் கேட்க வேண்டியவை மூன்றே. ஓர் அலகின் விலை மாறியதா? ஒரு வெளியீட்டுக்குத் தேவைப்படும் அலகுகள் மாறினவா? வெளியீட்டின் எண்ணிக்கையே மாறியதா? தொடுப்பில்லாத பாதீட்டில் மூன்றும் ஒரே தொகைக்குள் புதைந்து கிடக்கும்.

இணைப்பாளரின் சம்பளத்தை எங்கே போடுவது?

சம்பளத்துக்கு இயக்கி மாதம். அதைத் தனித் தொகுதியாகவே வைத்திருப்பது சுலபம், நேர்மையும்கூட. சில நிதி வழங்குநர்கள் எல்லாவற்றையும் வெளியீடுகளுக்குள் பங்கிட்டுத் தரச் சொல்வார்கள். அப்போது இணைப்பாளர் ஒவ்வொரு தொகுதிக்கும் எத்தனை நாள் செலவிடுகிறார் என்ற நேரப் பதிவை வைத்துப் பங்கிட வேண்டும். ஐந்தாகச் சமமாய்ப் பிரிப்பது கணக்கல்ல. ஒருமுறை பங்கிட்டுவிட்டால் முகாமைத் தொகுதியில் அதே சம்பளம் மீண்டும் இருக்கக் கூடாது. ஒரே செலவை இப்படி இரண்டு தடவை எழுதினால் கணக்காய்வில் மாட்டுவீர்கள்.

தொகுதி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

இதற்கு விதி இல்லை, ஆனால் பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியுதவிகளில் மொத்தத் தொகை முறை என்று ஒன்று உண்டு. அதில் பற்றுச்சீட்டுகளைக் கேட்க மாட்டார்கள்; ஒவ்வொரு வேலைத் தொகுதிக்கும் ஒரு தொகை முன்பே தீர்மானிக்கப்படும், தொகுதி முடிந்தால் அந்தத் தொகை. இப்படியான ஏற்பாட்டில் 12 பாடசாலைகளும் ஒரே தொகுதி என்றால், 11 முடிந்து ஒன்று தடைப்பட்டாலும் அந்த 464,000 கைக்கு வராமல் நிற்கும். ஆகவே இரண்டாகப் பிரிக்கலாம்: எட்டுச் சிறிய, நடுத்தரப் பாடசாலைகள் ஒரு தொகுதி, நான்கு பெரியவை இன்னொன்று.

பிரித்தால் முதலாவது 16 நாள், படிவங்கள், அட்டைகள் சேர்த்து 272,000. இரண்டாவது 12 நாள், படிவங்களோடு 192,000. இரண்டிலும் 1,200 பிள்ளைகள்தான். ஆனால் முதலாவதில் பிள்ளைக்கு ஏறக்குறைய 227 ரூபா, இரண்டாவதில் 160. அட்டைகளை முதலாவதில் ஏற்றியதால் மட்டுமல்ல. 20 பேருக்காகப் போகும் அந்த இரண்டாம் நாள்தான் பெரும் காரணம். அடுத்தடுத்துள்ள இரண்டு சிறிய பாடசாலைகளை ஒரே மண்டபத்தில் சேர்த்தால் 240 பேர், நான்கு நாள் மூன்றாகும். இப்படி இரண்டு சோடி என்றால் 30,000 ரூபா மிச்சம். அதற்குப் பிள்ளைகளை வீதி கடந்து அழைத்துப்போக இரு அதிபர்களும் சம்மதிக்க வேண்டும், பாதீட்டை அனுப்ப முன்னரே. சம்மதம் கிடைக்காவிட்டால் 28 நாள்தான்.